சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலின் ஓடட்டும்: டி.கே.ஏ. நோயாளிக்கு இன்ஃப்யூஷன் நடத்தும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் இருக்கும் மருத்துவமனைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். டி.கே.ஏ., அதாவது டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ் நோயாளி ராத்திரி வந்து சேர்ந்தால், கோவைக்கோ பாலக்காட்டுக்கோ அனுப்புவதாக இருந்தாலும் முதல் சில மணி நேரம் நம் கையில்தான். பல சமயம் முழுச் சிகிச்சையும் இங்கேயே முடியும். அதற்கு ஒரு சிரிஞ்சு பம்ப், ஒரு குளுக்கோமீட்டர், பொட்டாசியமும் பைகார்பனேட்டும் பார்க்கிற வசதி, மணிக்கு ஒரு முறை படுக்கை அருகே வந்து நிற்கும் ஓர் ஆள் வேண்டும்.

இங்கே சொல்வது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கு மூளை வீக்கம் வரும் ஆபத்து அதிகம் என்பதால் சலைன் அளவும் இன்சுலின் தொடங்கும் நேரமும் வேறு. கர்ப்பிணிகள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் விஷயத்தில் மூத்த டாக்டரைக் கேட்காமல் சலைனை வேகமாக ஓட்டாதீர்கள். உங்கள் மருத்துவமனையில் எழுதி வைத்த நெறிமுறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எண்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், ஆனால் காரணங்கள் ஒன்றுதான்.

டி.கே.ஏ.வில் நாம் துரத்துவது சர்க்கரையை அல்ல, கீட்டோனை. உடலில் இன்சுலின் இல்லாததால் கொழுப்பு கரைந்து கீட்டோன் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் நோயாளியை மூச்சிரைக்க வைக்கிறது, வாந்தி எடுக்க வைக்கிறது. இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை சீக்கிரம் இறங்கும், கீட்டோன் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவே பல மணி நேர இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. சர்க்கரை 200க்கு வந்ததும் யாரோ பம்பை நிறுத்திவிடுகிறார்கள், விடிவதற்குள் நோயாளி மறுபடி மூச்சிரைக்கிறார்.

ஒரு நோயாளியை வைத்தே சொல்கிறேன். 24 வயது இளைஞர், 50 கிலோ எடை, டைப் 1 நீரிழிவு. மூன்று நாள் காய்ச்சல். சாப்பிட முடியவில்லை என்று வீட்டில் இன்சுலினையும் நிறுத்திவிட்டார்கள். இரவு 9 மணிக்கு வருகிறார். சர்க்கரை 468. சிறுநீரில் கீட்டோன் மூன்று பிளஸ். சிரை ரத்தத்தில் பி.எச். 7.17, பைகார்பனேட் 6, சோடியம் 131, குளோரைடு 97, பொட்டாசியம் 4.1. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் அனயான் கேப் 28. சாதாரணமாக 12க்குள் இருக்க வேண்டியது. ஆக, இது டி.கே.ஏ.தான்.

முதலில் சலைன், அடுத்து பொட்டாசியம், அப்புறம்தான் இன்சுலின்

வந்தவுடன் இரண்டு கைகளிலும் கானுலா போட்டு, ஒன்றில் நார்மல் சலைன் முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் இளைஞருக்கு இது சரி. சலைன் மட்டுமே சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். இன்சுலின் ஒரு மணி நேரம் தாமதமானால் பெரிய நஷ்டம் இல்லை. பொட்டாசியம் தெரியாமல் இன்சுலின் தொடங்கினால் நஷ்டம் பெரிதாக இருக்கலாம்.

ஏனென்றால் இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். இந்த இளைஞர் நாள் கணக்கில் சிறுநீரிலும் வாந்தியிலும் பொட்டாசியத்தை இழந்திருக்கிறார். ரத்தத்தில் 4.1 என்று நல்லபடியாகத் தெரிந்தாலும் உடலுக்குள் கையிருப்பு காலி. 3.5க்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தொடவே கூடாது. முதலில் மணிக்கு 10 முதல் 20 மில்லி ஈக்விவலன்ட் வரை பொட்டாசியம் கொடுத்து, இ.சி.ஜி. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, 3.5ஐத் தாண்டிய பிறகுதான் பம்ப். 3.5 முதல் 5 வரை என்றால் இன்சுலினோடு சேர்த்து சலைனிலும் பொட்டாசியம் ஓட வேண்டும். 5க்கு மேல் என்றால் இன்சுலின் மட்டும் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எப்போதும் சிறுநீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொட்டாசியம்.

பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பியூலில் பொதுவாக 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கும். லேபிளில் ஒரு தடவை பாருங்கள். அதை நேராக நரம்பில் ஒருபோதும் ஏற்றக் கூடாது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் குத்திச் செலுத்தவும் கூடாது. பொட்டாசியம் கனமானது, அடியில் தங்கி, குழாயில் முதலில் அதுவே இறங்கும். பாட்டிலை மாட்டுவதற்கு முன்பே கலந்து, பல முறை தலைகீழாகத் திருப்பி, லேபிள் ஒட்டி, அப்புறம் மாட்டுங்கள்.

நம் இளைஞருக்கு 10 மணிக்கு இரண்டாவது லிட்டர் தொடங்கியது: 500 மி.லி. பாட்டில் ஒவ்வொன்றிலும் அரை ஆம்பியூல், மணிக்கு 500 மி.லி. வேகம். அதாவது மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். சாதாரண கை நரம்பில் இதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

சிரிஞ்சு தயாரிப்பதில்தான் கண் வேண்டும்

50 மி.லி. சிரிஞ்சில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலினும் மீதி நார்மல் சலைனும். அப்படியானால் ஒரு மி.லி.யில் ஒரு யூனிட். பம்பில் 5 என்று போட்டால் மணிக்கு 5 யூனிட். கணக்கே இல்லாத கணக்கு என்பதால்தான் எல்லா இடத்திலும் இதையே வைத்திருக்கிறார்கள். இந்தச் சுலபம் உங்கள் கவனத்தைத் தளர்த்திவிடக் கூடாது.

நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு வகை. ஒன்றில் மி.லி.க்கு 40 யூனிட், இன்னொன்றில் மி.லி.க்கு 100 யூனிட். 40 குப்பியிலிருந்து 50 யூனிட் வேண்டுமென்றால் 1.25 மி.லி. எடுத்து 48.75 மி.லி. சலைன் சேர்க்க வேண்டும். 100 குப்பி என்றால் 0.5 மி.லி. எடுத்து 49.5 மி.லி. சலைன். இன்சுலின் சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. குப்பி எதுவோ அதற்கான சிரிஞ்சுதான். 100 குப்பியிலிருந்து 1.25 மி.லி. எடுத்துவிட்டால் 125 யூனிட் போய்விடும், இரண்டரை மடங்கு. 40 குப்பியிலிருந்து 0.5 மி.லி. எடுத்தால் 20 யூனிட்தான், சர்க்கரை இறங்கவே இறங்காது. நோயாளியின் வீட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் எடுத்து வந்த குப்பியை இன்ஃப்யூஷனுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது எந்த வகை, எத்தனை நாளாக எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒருவர் எடுக்க, இன்னொருவர் குப்பியையும் மூடி நிறத்தையும் அளவையும் தனியாகப் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நம் வார்டில் ஒரு ஷிஃப்ட் மலையாளத்தில் பேசும், அடுத்தது தமிழில் பேசும். அதனால் லேபிளில் எண்ணும் அலகும் முழுசாக இருக்கட்டும்: 50 மி.லி.யில் 50 யூனிட், 1 மி.லி. = 1 யூனிட், கலந்த நேரம், தேதி. 24 மணி நேரம் ஆனதும் புதிதாகக் கலக்க வேண்டும்.

இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் லைனை மாட்டி, நோயாளியோடு இணைப்பதற்கு முன், கலந்த மருந்தில் 20 மி.லி.யை அதன் வழியாக ஓட்டி வெளியே விடுங்கள். வீணாகப் போவது போலத் தோன்றும். அதைச் செய்யாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் குழாய்க்குத்தான் மருந்து, நோயாளிக்கு இல்லை. சலைனும் இன்சுலினும் ஒரே கானுலாவில் போகிறது என்றால், சலைன் பக்கம் மருந்து திரும்பி ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வு வேண்டும். இல்லையென்றால் அடைப்பு வரும்போது இன்சுலின் சலைன் குழாய்க்குள் ஏறித் தங்கும், அடைப்பு நீங்கியதும் மொத்தமாக உள்ளே போகும்.

வேகம்: கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட். 50 கிலோவுக்கு 5 யூனிட், பம்பில் 5 மி.லி. பம்ப் உடனே ஓடத் தொடங்கிவிட்டால் தனியாக போலஸ் ஊசி தேவையில்லை.

மணிக்கு ஒரு முறை

விரலில் குத்தி எண்ணை எழுதிவிட்டுப் போவது வேலையில் பாதிதான். எண்ணைப் பார்த்ததும் போன மணி நேர எண்ணைக் கழித்து, எவ்வளவு இறங்கியது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மணிக்கு 50 முதல் 75 மி.கி. வரை இறங்குவது நல்ல வேகம். அப்புறம் பம்பின் திரையை மட்டும் பார்க்காமல் சிரிஞ்சில் உண்மையிலேயே எத்தனை மி.லி. குறைந்திருக்கிறது என்று பாருங்கள். கானுலா இருக்கும் இடத்தையும், இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள்.

டிரிப் ஓடும் கையில் குத்தக் கூடாது, மறு கையில்தான். குளுக்கோஸ் ஓடத் தொடங்கிய பிறகு இது இன்னும் முக்கியம். கொஞ்ச நேரம் முன்பு பழம் தின்ற விரல், ஸ்பிரிட் காயாத விரல் இரண்டும் தப்பான எண் காட்டும். நோயாளி வறண்டு கை சில்லிட்டுப் போயிருந்தால் விரல் நுனியில் எடுக்கும் எண்ணை நம்ப முடியாது, அப்போது சிரை ரத்தத்தை லேபுக்கு அனுப்புங்கள். மீட்டரில் எண் வராமல் ஹை என்று வந்தாலும் அப்படியே.

இப்போது நம் இளைஞரின் சார்ட். 10 மணிக்கு பம்ப் தொடங்கும்போது 421. 11 மணிக்கு 358. 63 இறங்கியிருக்கிறது, நல்லது. 12 மணிக்கு 350. எட்டுதான் இறங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் புதியவர் கை நேராக பம்பின் பட்டனுக்குப் போகும், வேகத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். மருந்து நோயாளிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சிரிஞ்சில் அளவும் குறைந்திருந்தது, அலாரம் எதுவும் இல்லை. ஆனால் த்ரீ-வேயும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் திருகு சரியாக ஏறவில்லை. அதன் கீழே படுக்கை விரிப்பில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். இன்சுலின் விரிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. இணைப்பை மாற்றி, இறுக்கி, அதே 5 மி.லி.யில் விட்டோம். அப்போதே வேகத்தை 7 ஆக்கியிருந்தால், பிறகு யாராவது திருகைச் சரிசெய்யும்போது 7 யூனிட்டும் உள்ளே போயிருக்கும்.

இறங்கவில்லை என்றால் பார்க்கும் வரிசை இதுதான்: இணைப்பும் கானுலாவும், பம்பின் வேகம், அப்புறம் சிரிஞ்சு கலந்த விதம். மூன்றாவதில் சந்தேகம் வந்தால் யோசிக்காமல் புதுசாகக் கலந்து மாட்டுங்கள். மெதுவாக ஓடும் பம்பில் அடைப்பு அலாரம் உடனே அடிக்காது, அதனால் அலாரம் இல்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் சரி, சலைனும் போதுமான அளவு போயிருக்கிறது, இருந்தும் மணிக்கு 50 இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மணிக்கு ஒரு யூனிட் கூட்டலாம். உள்ளே தொற்று ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் அப்போது தேட வேண்டும்.

12 மணி ரத்தத்தில் பொட்டாசியம் 3.6. இரண்டு மணி நேரத்தில் 4.1லிருந்து இவ்வளவு, அதுவும் மருந்தில் ஒரு பகுதி விரிப்பில் போன நிலையில். சலைன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மணிக்கு 250 மி.லி. ஆக்கியதும், 500 மி.லி.யில் முழு ஆம்பியூல் சேர்த்தோம். அப்படியானால் பொட்டாசியம் அதே மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட். சலைன் வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு தடவையும் அதிலுள்ள பொட்டாசியமும் குறைகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 2 மணிக்கு 3.8, 4 மணிக்கு 4.0. நிலையாகும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

1 மணிக்கு சர்க்கரை 291. 2 மணிக்கு 236.

குளுக்கோஸ் சேர்க்கும் நேரம்

250க்குக் கீழே வந்ததும் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். இன்சுலின் வேகம் பாதியாகும்: கிலோவுக்கு 0.05, நம் இளைஞருக்கு 2.5 மி.லி. சலைனுக்குப் பதிலாக டி.என்.எஸ்., அதாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த நார்மல் சலைன், மணிக்கு 150 மி.லி., 500 மி.லி.க்கு ஒரு ஆம்பியூல் பொட்டாசியத்தோடு. சர்க்கரை 150க்கும் 200க்கும் நடுவே நிற்பதுதான் இப்போது குறி.

அந்த நேரத்தில் பைகார்பனேட் 10தான். அமிலம் இன்னும் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன் உற்பத்தி மறுபடி தொடங்கும். ஆகவே இன்சுலின் ஓடியே ஆக வேண்டும், அது சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடாமல் பிடித்து நிறுத்தத்தான் குளுக்கோஸ்.

டி.என்.எஸ். பாட்டிலைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். பையனின் அம்மா கேட்டது நியாயமான கேள்வி: "ஏனுங்க சிஸ்டர், சக்கரை எறங்கீருச்சுன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க, மறுபடி எதுக்குங்க குளுக்கோஸ் ஏத்தறீங்க?" நர்ஸ் சொன்ன பதிலையே நீங்களும் சொல்லலாம்: "சர்க்கரை எறங்கிடுச்சுங்கம்மா, ஆனா ரத்தத்துல அமிலம் இன்னும் போகலைங்க. அது போகறதுக்கு இன்சுலின் ஓடணும். இன்சுலின் ஓடறப்ப சர்க்கரை ரொம்பக் கொறைஞ்சிராம இருக்கத்தான் இது." இதைச் சொல்லாமல் விட்டால், பாட்டிலைப் பார்த்துப் பயந்து யாராவது டிரிப்பின் உருளையை மூடிவிட வாய்ப்பு உண்டு. டிரிப் நின்று இன்சுலின் மட்டும் ஓடுவதுதான் இந்தச் சிகிச்சையில் மிகவும் ஆபத்தான நிலை.

3 மணிக்கு 218, 4 மணிக்கு 183, 5 மணிக்கு 138. குறிக்குக் கீழே போய்விட்டது. இங்கேதான் பம்பை நிறுத்தும் ஆசை வரும். நிறுத்தவில்லை. டி.என்.எஸ். வேகத்தை 150லிருந்து 200 ஆக்கினோம். மணிக்கு 7.5 கிராமாக இருந்த குளுக்கோஸ் 10 கிராம் ஆனது. இன்சுலின் அதே 2.5. 6 மணிக்கு 161. இந்தப் பகுதியில் ஏறக்குறைய எல்லாச் சரிக்கட்டலும் குளுக்கோஸ் பக்கம் நடக்க வேண்டும், இன்சுலின் பக்கம் அல்ல. உடம்பில் ஏற்கெனவே நீர் அதிகம் சேர்ந்தவருக்கு டி.என்.எஸ்.ஸைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. அவருக்கு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தால் குறைந்த நீரில் அதே குளுக்கோஸ் போய்ச் சேரும்.

70க்குக் கீழே போய்விட்டால் மட்டும் நிறுத்துங்கள். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 முதல் 100 மி.லி. நரம்பில் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்த்து, ஏறியதும் குறைந்த வேகத்தில் இன்சுலினையும் கூடுதல் குளுக்கோஸையும் சேர்த்துத் தொடங்குங்கள். நரம்பில் ஓடும் ரெகுலர் இன்சுலின் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். "காலையில் சார் வந்ததும் கேட்கலாம்" என்று நிறுத்தி வைக்க முடியாது.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சர்க்கரை 200க்குக் கீழே இருக்கும்போதே டி.கே.ஏ. வரலாம். அவர்களுக்கு குளுக்கோஸ் முதல் மணியிலிருந்தே இன்சுலினோடு ஓட வேண்டும்.

எப்போது தீர்ந்தது என்று சொல்லலாம்

சிறுநீர்க் கீட்டோனை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரத்தத்தில் அதிகம் இருப்பது பீட்டா ஹைட்ராக்சி பியூட்ரேட். சிறுநீர் ஸ்ட்ரிப் காட்டுவது அசிட்டோஅசிட்டேட். நோய் குணமாகும்போது முதலாவது இரண்டாவதாக மாறும், அதனால் நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரிப் மூன்று பிளஸ் காட்டும். ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் 0.6க்குக் கீழே வர வேண்டும். இல்லையென்றால் அனயான் கேப்பையும் பைகார்பனேட்டையும் நம்புங்கள்.

காலை 6 மணிக்கு பி.எச். 7.28, பைகார்பனேட் 13, அனயான் கேப் 16. தேறுகிறது, தீரவில்லை. 10 மணிக்கு பி.எச். 7.33, பைகார்பனேட் 18, அனயான் கேப் 11, சர்க்கரை 172. வாந்தி இல்லை, பசிக்கிறது என்கிறார். இப்போது தீர்ந்தது. சிலருக்கு அனயான் கேப் மூடிய பிறகும் பைகார்பனேட் 16லேயே நிற்கும். அது நிறைய நார்மல் சலைன் போனதால் குளோரைடு கூடி வந்த அமிலம், கீட்டோன் இல்லை. அதற்காக இன்ஃப்யூஷனை நீட்ட வேண்டாம்.

தீர்ந்ததும் பம்பை அணைத்துவிடுவதுதான் கடைசித் தவறு. முதலில் தோலுக்கடியில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போக வேண்டும். இவர் வீட்டில் தினமும் 14 யூனிட் கிளார்ஜின் போட்டுக்கொண்டிருந்தவர், அதையே 10 மணிக்குப் போட்டு, இட்லியும் அதற்கான உணவு நேர ஊசியும் கொடுத்து, பம்பை மட்டும் மேலும் இரண்டு மணி நேரம் ஓட விட்டோம். 12 மணிக்குத்தான் பம்பும் டி.என்.எஸ்.ஸும் சேர்ந்து நின்றன.

வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டி வந்தால், வாளையார் வழியாகப் போகும் அந்த நேரத்திலும் இன்சுலின் ஓட வேண்டும். ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன் பம்பின் பேட்டரியைப் பாருங்கள், இன்சுலினும் டி.என்.எஸ்.ஸும் சேர்ந்தே போகட்டும், சிரிஞ்சின் செறிவையும் கடைசி மூன்று மணி நேர எண்களையும் கடைசிப் பொட்டாசியத்தையும் தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் குளுக்கோமீட்டரும்.

பம்ப் நின்ற பிறகு அன்று மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையும், நான்கு மணி நேரம் கழித்து ஒரு தடவை பைகார்பனேட்டும் அனயான் கேப்பும் பாருங்கள். கேப் மறுபடி விரிந்திருந்தால், தோலுக்கடியில் போன இன்சுலின் பற்றவில்லை என்று அர்த்தம். சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் சரி, டாக்டரைக் கூப்பிட்டு இன்ஃப்யூஷனை மறுபடி தொடங்க வேண்டும்.